கத்திமுனையில் கொடுத்த வாக்கு: ஹாப்ஸ், லாக், ரூசோவை ஒப்பிட்டு அரசியல் கோட்பாட்டுக் கட்டுரை எழுத ஒரு வழிகாட்டி

முதுகலை அரசியல் அறிவியல் முதலாண்டில் எனக்கு வந்த அசைன்மென்ட் இது: "குடிமக்கள் அரசுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும்? சமூக ஒப்பந்தவாதிகளின் வாதங்களை ஒப்பிடுக. 2000 சொற்கள்." அரசின் அதிகாரம் மக்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து பிறக்கிறது என்று வாதிட்டவர்கள் இவர்கள். ஹாப்ஸுக்கு மூன்று பக்கம், லாக்குக்கு மூன்று பக்கம், ரூசோவுக்கு மூன்று பக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே வரிதான் இருந்தது: "மூன்று சுருக்கங்கள் இருக்கின்றன, ஒப்பீடு எங்கே?" மறுபடி எழுதக் கிடைத்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன். இதே கேள்வி உங்களுக்கு வந்திருந்தால் முதல் தடவையிலேயே சரியாகச் செய்துவிடலாம்.

1. கேள்வியில் இருக்கும் 'வேண்டும்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

தமிழில் எழுதும்போது இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கீழ்ப்படிய வேண்டும்' என்றால் இரண்டு பொருள் வரும். வழிப்பறிக்காரன் கத்தியைக் காட்டினால் பணத்தைக் 'கொடுக்க வேண்டியதாகிவிட்டது' என்கிறோம். நண்பனிடம் கடன் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் 'கொடுக்க வேண்டும்' என்கிறோம். முதலாவது கட்டாயம். அவன் கண்ணில் படாமல் ஓட முடிந்தால் ஓடிவிடலாம், யாரும் நம்மைக் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டாவது கடமை. நண்பன் மறந்தேபோனாலும் கடன் கடன்தான்.

கேள்வி கேட்பது இரண்டாவதை. போலீஸ் பிடிக்கும், அபராதம் விழும் என்பதெல்லாம் மக்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்குக் காரணமாகலாம், ஏன் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு ஆகாது. என் முதல் தாளில் ஹாப்ஸைப் பற்றிய பகுதி முழுக்க "மனிதன் சுயநலமுள்ளவன், பயத்தால் அடங்குகிறான்" என்றே இருந்தது. அப்படி எழுதினால் கடமை பற்றிய கேள்விக்குள் நீங்கள் நுழையவே இல்லை. ஹாப்ஸும் பயத்திலிருந்து கடமை எப்படிப் பிறக்கிறது என்றுதான் வாதிடுகிறார்.

ஆகவே முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்: "இக்கட்டுரை அரசியல் கடப்பாட்டைப் பற்றியது, அதாவது கீழ்ப்படியும் கடமையைப் பற்றியது. கீழ்ப்படியும் பழக்கத்தைப் பற்றியது அல்ல." அப்புறம் கடைசி வரை அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். ஒரு பக்கத்தில் கடப்பாடு, அடுத்த பக்கத்தில் கட்டாயம், இன்னொரு இடத்தில் பொறுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டால் திருத்துபவருக்குக் குழப்பம் வரும். சம்மதம், உடன்படிக்கை, அரசு இல்லாத நிலையைக் குறிக்கும் இயற்கை நிலை ஆகிய சொற்களுக்கும் இதே கட்டுப்பாடு தேவை.

2. தேவையான நூல்கள், செலவு, நாள்

மூன்று புத்தகத்தையும் முழுதாகப் படிக்க வேண்டியதில்லை, மூன்று வாரத்தில் அது முடியவும் முடியாது. இந்தக் கேள்விக்குத் தேவையான பகுதிகள் இவ்வளவுதான்.

ஹாப்ஸின் 'லெவியாதன்' (1651): அத்தியாயம் 13, 14, 17, 20, 21. வகுப்பில் 13-ஐயும் 17-ஐயும்தான் பெரும்பாலும் படிக்கச் சொல்வார்கள். நம் கேள்விக்கு உண்மையில் உயிர்நாடியானவை 14, 20, 21.

லாக்கின் 'அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வு': 1689 இறுதியில் வெளிவந்தது, தலைப்புப் பக்கத்தில் 1690 என்றிருக்கும். இரண்டு ஆண்டையும் நூல்களில் பார்ப்பீர்கள், பயப்பட வேண்டாம். படிக்க வேண்டியவை அத்தியாயம் 2, அத்தியாயம் 8 (முக்கியமாகப் பிரிவு 95 முதல் 99 வரை, பிறகு 119 முதல் 122 வரை), அப்புறம் அத்தியாயம் 16-இல் பிரிவு 176, 186.

ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்' (1762): முதல் புத்தகம் முழுவதும், நான்காம் புத்தகத்தின் 2-ஆம் அத்தியாயம், மூன்றாம் புத்தகத்தின் 10-ஆம் அத்தியாயம். எல்லாமே சிறிய அத்தியாயங்கள்.

ஹியூமின் 'மூல ஒப்பந்தம் பற்றி' என்ற கட்டுரை (1748). இவர் ஒப்பந்தவாதி அல்ல, எதிராளி. ஆனால் இவர் இல்லாமல் ஒப்பீட்டுக்குக் கூர்மை வராது.

எல்லாம் சேர்த்து நூறு, நூற்றிருபது பக்கம் வரும். நான்குமே பதிப்புரிமை தீர்ந்த நூல்கள். ஆங்கில மூலங்களும், ரூசோவுக்கு ஜி.டி.எச். கோல் செய்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்கு ஆன செலவு பிரிண்ட் எடுத்த காசு மட்டும்தான். காகிதத்தில் படிப்பதையே சிபாரிசு செய்கிறேன். இவர்களின் வாக்கியங்கள் அரைப் பக்கம் நீளும், எழுவாய் எங்கே பயனிலை எங்கே என்று பென்சிலால் கோடு போட்டால்தான் பிடிபடும். கைடு புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். நான் வாங்கிய இரண்டிலும் கீழே வரப்போகிற பகுதிகளில் ஒன்றுகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆங்கிலத்தை இன்றைய எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய பதிப்புகளும் இணையத்தில் உண்டு. புரிந்துகொள்ள அவை நல்லவை. ஆனால் மேற்கோள் காட்ட உதவாது, ஏனென்றால் அதில் இருப்பது லாக்கின் சொற்களாக இருக்காது. படிப்பது எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், மேற்கோள் மூலத்திலிருந்துதான் வர வேண்டும். ஹாப்ஸுக்கு அத்தியாய எண், லாக்குக்குப் பிரிவு எண், ரூசோவுக்குப் புத்தக எண்ணும் அத்தியாய எண்ணும் கொடுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், இவை மாறாது.

படிக்க எட்டு நாள், குறிப்பெடுத்து வாதத்தைக் கட்ட நான்கு நாள், எழுத நான்கு நாள், திருத்த மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு நாள் காய்ச்சலுக்கும் கரண்ட் கட்டுக்கும்.

3. ஒப்பிட ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

எல்லாரும் விழும் பள்ளம் இதுதான். இயற்கை நிலை, ஒப்பந்தம், இறைமை, புரட்சி உரிமை என்று நான்கு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று பேர் சொன்னதையும் அட்டவணை மாதிரி நிரப்புவது. பார்க்க ஒப்பீடு போலவே இருக்கும். ஆனால் ஹாப்ஸின் இயற்கை நிலை போர், லாக்கின் இயற்கை நிலை ஒப்பீட்டளவில் அமைதி என்று எழுதிவிட்டால் அதிலிருந்து என்ன பெறப்படுகிறது? ஒன்றுமில்லை. வேறுபாட்டைச் சொல்வதோடு நின்றால் போதாது. அந்த வேறுபாட்டால் கீழ்ப்படியும் கடமைக்கு என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும்.

மூன்று பேரும் ஒரே பொருளைத் தொடும் ஓர் இடத்தைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்த இடம் திருடன். ஹாப்ஸ், லாக், ரூசோ மூவருமே ஒரு திருடனைக் கொண்டுவருகிறார்கள். மூன்று பேரின் முடிவும் வேறு வேறு. அதிலிருந்து என் கேள்வி பிறந்தது: மிரட்டலின் கீழ் கொடுத்த சம்மதம் கட்டுப்படுத்துமா? அரசுக்கு நாம் கடமைப்பட்டது நம் சம்மதத்தால்தான் என்றால், எப்படிப்பட்ட சம்மதம் செல்லும், எப்படிப்பட்டது செல்லாது என்று கேட்டே ஆக வேண்டும். கட்டுரை முழுக்க இந்த ஒரே கேள்வியில் நடக்கலாம்.

4. மூன்று திருடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள்

ஹாப்ஸின் திருடன் 14-ஆம் அத்தியாயத்தில் வருகிறான். உயிரை விட்டுவிடு, பணம் தருகிறேன் என்று அவனிடம் வாக்குக் கொடுத்துத் தப்பித்தால், அந்தப் பணத்தைக் கொடுக்க நான் கடமைப்பட்டவன் என்கிறார் ஹாப்ஸ். முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழையோ என்று இன்னொரு பதிப்பை எடுத்துப் பார்த்தேன். பிழையில்லை. எனக்கு உயிர் கிடைத்தது, அவனுக்குப் பணம் கிடைக்க வேண்டும், அது ஓர் உடன்படிக்கை. பயத்தில் செய்தேன் என்பதால் என் விருப்பம் இல்லாமல் போய்விடாது.

இதற்கு அவர் காட்டும் காட்சி 21-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. கப்பல் மூழ்கிவிடுமோ என்று பயந்து ஒருவன் தன் சரக்கைக் கடலில் எறிகிறான். பயத்தில்தான் எறிகிறான், ஆனால் விரும்பித்தான் எறிகிறான். வேண்டாம் என்று நினைத்திருந்தால் எறியாமல் இருந்திருக்கலாம்.

ஹாப்ஸ் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது எதற்காக என்று 20-ஆம் அத்தியாயம் படித்தால் தெரியும். மக்கள் கூடி ஒருவரை ஆள்பவராக வைப்பதும், படையெடுத்து வந்தவனுக்கு அடங்குவதும் அவருக்கு ஒரே வகைதான். முதலாவதில் ஒருவருக்கொருவர் பயந்து ஒப்புக்கொள்கிறார்கள், இரண்டாவதில் அவனுக்கே பயந்து ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டிலும் பயம்தான். பயத்தில் செய்த உடன்படிக்கை செல்லாது என்றால் எந்த அரசிலும் யாருக்கும் கடமையே இருக்காது என்று அவரே சொல்கிறார்.

இங்கே அவசரப்படாதீர்கள். "ஹாப்ஸுக்கு எந்த மிரட்டலும் செல்லும்" என்று எழுதினால் தவறு. இயற்கை நிலையில் பயத்தில் செய்தது செல்லும் என்பதுதான் அவர் சொல்வது. அரசு அமைந்த பிறகும் அது செல்லும், ஆனால் சட்டம் அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கலாம். அப்போதும் காரணம் பயம் அல்ல, சட்டத்துக்கு மாறான ஒன்றைத் தருவதாகச் சொல்ல அவனுக்கு உரிமையில்லை என்பதுதான். இன்னொன்று, தன் உயிரைத் தாக்க வருபவனைத் தடுக்க மாட்டேன் என்று கொடுக்கும் வாக்கு எப்போதும் செல்லாது. இந்த இரண்டு எல்லைகளையும் எழுதினால்தான் அது ஹாப்ஸ்.

லாக்கின் திருடன் பிரிவு 176-இல் வருகிறான். வீட்டை உடைத்து உள்ளே வந்து, தொண்டையில் கத்தியை வைத்து, என் சொத்தையெல்லாம் அவனுக்கு எழுதிவைக்கும் பத்திரத்தில் முத்திரையிட வைக்கிறான். அந்தப் பத்திரத்தால் அவனுக்கு உரிமை வருமா? வராது. அநியாயமாகப் படையெடுத்து வென்றவனுக்கும் அவ்வளவு உரிமைதான் என்று அடுத்த அடியை எடுத்து வைக்கிறார் லாக். ஹாப்ஸ் திறந்து வைத்த அதே வாசலை இவர் சாத்துகிறார்.

இங்கேதான் மதிப்பெண் இருக்கிறது: ஏன் வேறுபடுகிறார்கள்? லாக்குக்கு இயற்கை நிலையிலேயே இயற்கைச் சட்டம் இருக்கிறது. அரசு வருவதற்கு முன்பே என் பொருள் என் பொருள்தான். ஆகவே திருடன் அங்கேயும் குற்றவாளி. குற்றத்தின் வழியாக உரிமை வராது. ஹாப்ஸின் 13-ஆம் அத்தியாயத்திலோ, இயற்கை நிலையில் உன்னுடையது என்னுடையது என்பதும் இல்லை, நீதி அநீதி என்பதும் இல்லை. எல்லாருக்கும் எல்லாவற்றின் மேலும் உரிமை. அங்கே திருடன் எனக்கு அநீதி எதுவும் செய்யவில்லை, ஆகவே உடன்படிக்கையைக் கெடுக்க எதுவும் இல்லை. இயற்கை நிலையைப் பற்றிக் கட்டுரையில் எழுத வேண்டிய சரியான இடம் இதுதான். தனித் தலைப்பில் போட்டால் அது தகவல், இந்த இடத்தில் வந்தால் அது வாதம்.

ரூசோவின் திருடன் முதல் புத்தகம் 3-ஆம் அத்தியாயத்தில், காட்டோரத்தில் துப்பாக்கியோடு நிற்கிறான். பணப்பையைக் கொடுத்தே தீர வேண்டும், சரி. ஆனால் எப்படியாவது ஒளித்துக்கொள்ள முடிந்தால், அப்போதும் கொடுக்க மனசாட்சிப்படி கடமைப்பட்டவனா? அந்தத் துப்பாக்கியும் ஓர் அதிகாரம்தானே என்று முடிக்கிறார். நம் முதல் படியில் பிரித்த கட்டாயமும் கடமையும் இங்கே அப்படியே வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

நானும் கிட்டத்தட்ட விழுந்த ஒரு பள்ளம்: மூன்று திருடர்களும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. ஹாப்ஸின் திருடனிடம் வாக்குக் கொடுக்கப்படுகிறது, லாக்கின் திருடன் பத்திரம் வாங்குகிறான், ரூசோவின் திருடனிடம் வாக்கும் இல்லை பத்திரமும் இல்லை, வெறும் வலிமை மட்டும்தான். ஆகவே ரூசோ இங்கே ஹாப்ஸின் வாதத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட்டார் என்று எழுதக் கூடாது. வலிமை மட்டும் உரிமை தராது என்று ஹாப்ஸும் ஒப்புக்கொள்வார், வென்றவனுக்கு உரிமை தருவது வெற்றியல்ல, தோற்றவனின் உடன்படிக்கை என்று 20-ஆம் அத்தியாயத்தில் சொன்னவரே அவர்தான். இந்த ஒரு வரியை என் இரண்டாவது தாளில் எழுதினேன். அதன் பக்கத்தில் மட்டும் திருத்தியவர் ஒரு டிக் போட்டிருந்தார்.

5. லாக்கை அவருடைய கத்தியாலேயே சோதியுங்கள்

பலவந்தமான சம்மதம் செல்லாது என்று சொன்ன பிறகு லாக்குக்கு ஒரு நெருக்கடி வருகிறது. நம்மில் யாரும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியானால் கடமை எங்கிருந்து வருகிறது? பிரிவு 119-இல் மறைமுகச் சம்மதம் என்கிறார். நிலம் வைத்திருப்பது, ஒரு வாரம் தங்குவது, வெறுமனே நெடுஞ்சாலையில் தடையின்றிப் பயணம் செய்வது, இவையெல்லாம்கூட அந்த ஆட்சியின் சட்டங்களுக்குக் கீழ்ப்படியச் சம்மதித்ததாக ஆகும். நிலத்தை மட்டும் வைத்து மறைமுகமாகச் சம்மதித்தவர் அதை விற்றோ கொடுத்தோ வெளியேறிவிடலாம் (பிரிவு 121). வெளிப்படையாகச் சம்மதித்தவர் நிரந்தரமாகக் கட்டுண்டவர். வெறுமனே சட்டத்துக்கு அடங்கி வாழ்வதால் மட்டும் ஒருவர் அந்தச் சமுதாயத்தின் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை (பிரிவு 122). இந்த வேறுபாட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

இப்போது ஹியூமைக் கூப்பிடுங்கள். அன்றாடக் கூலியில் வாழ்கிற, வேற்று மொழியோ வேற்று நாட்டுப் பழக்கமோ தெரியாத ஒரு ஏழை விவசாயியோ கைத்தொழிலாளியோ நாட்டை விட்டுப் போகச் சுதந்திரம் உள்ளவன் என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறார். அதைத் தொடர்ந்து வருவது கப்பல். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கி வந்து கப்பலில் போட்டுவிட்டார்கள். கண் விழித்தால் நடுக்கடல். இறங்கினால் சாவுதான். அவன் கப்பலிலேயே இருப்பதால் கப்பல் தலைவனின் ஆட்சிக்கு மனமுவந்து சம்மதித்தான் என்று சொல்வீர்களா?

ஹாப்ஸின் கப்பலையும் ஹியூமின் கப்பலையும் அடுத்தடுத்து வையுங்கள். இரண்டிலும் பின்னால் கடல் இருக்கிறது. ஹாப்ஸ் அதைப் பார்த்து 'விரும்பித்தான் செய்தான்' என்கிறார், ஹியூம் அதையே பார்த்து 'இது சம்மதமே அல்ல' என்கிறார். லாக்குக்கோ இரண்டு பக்கமும் அடி. ஹாப்ஸின் பக்கம் அவர் சாய முடியாது, தொண்டையில் கத்தி இருந்தால் பத்திரம் செல்லாது என்று அவரே எழுதிவிட்டார். வேறு வழியில்லாமல் தங்கியிருப்பவனின் சம்மதம் செல்லும் என்றால், கத்தியின் கீழ் போட்ட முத்திரை மட்டும் ஏன் செல்லாது?

லாக் சார்பாக ஒரு பதில் உண்டு, அதையும் எழுதுங்கள். கத்தியைப் பிடித்தவன் குற்றம் செய்கிறான், கடல் குற்றம் செய்யவில்லை. வறுமையும் மொழி தெரியாமையும் அரசு வைத்த கத்தி அல்ல. நல்ல பதில்தான். ஆனால் இது சம்மதத்தைக் கெடுக்கும் காரணத்தை நீக்குகிறதே தவிர, அங்கே சம்மதம் என்ற ஒன்று நடந்தது என்று காட்டவில்லை. சாலையில் நடந்தவன் எந்தச் செயலால் 'சரி' என்றான்? மறுக்க முடியாத இடத்தில் மௌனத்துக்குப் பொருள் கிடையாது.

இன்னும் ஒரு படி போக நேரமிருந்தால், அரசியல் கோட்பாட்டாளர் ஹன்னா பிட்கின் 1965-இல் முன்வைத்த வாசிப்பைச் சேர்க்கலாம். லாக்கிடம் உண்மையில் முக்கியம் நீ சம்மதித்தாயா என்பதல்ல, அந்த அரசு சம்மதிக்கத் தகுந்ததா என்பதுதான் என்கிறார் அவர். அடிமையாகச் சம்மதிக்க யாருக்கும் உரிமையில்லை என்று லாக்கே பிரிவு 23-இல் சொல்வது இதற்குத் துணை நிற்கும். 2000 சொற்களில் இதற்கு ஒரு பத்திக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

6. ரூசோவின் அடிக்குறிப்பைத் தவற விடாதீர்கள்

ரூசோ என்றதும் பொது விருப்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தோன்றும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். நம் கேள்விக்குத் தேவையானது இவ்வளவே: வலிமையிலிருந்து கடமை வராது, ஆகவே ஒவ்வொருவரும் எல்லோரோடும் சேர்ந்தும் தனக்கு மட்டுமே கீழ்ப்படிகிற ஓர் அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் (முதல் புத்தகம், 6). சட்டத்தை இயற்றுபவரும் அதற்கு அடங்குபவரும் ஒரே மக்கள் என்றால் அங்கே கத்தி பிடிக்கத் தனி ஆள் இல்லை. 'சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவான்' என்ற பேர்போன தொடர் 7-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அதைத் தனியே பிய்த்து எடுத்து ரூசோவைக் கொடுங்கோலர் என்று முடித்துவிடாதீர்கள்.

நான்காம் புத்தகம் 2-ஆம் அத்தியாயத்தில், அரசு நிறுவப்பட்டபின் வசிப்பதே சம்மதம் என்று ரூசோ எழுதுகிறார். பார்த்தால் லாக்கின் நெடுஞ்சாலை மாதிரியே இருக்கிறது. நானும் முதல் தாளில் "இதில் ரூசோ லாக்கைப் பின்பற்றுகிறார்" என்று எழுதியிருந்தேன். அந்த வரிக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. இது சுதந்திரமான அரசுக்கு மட்டுமே பொருந்தும், மற்ற இடங்களில் குடும்பம், சொத்து, புகலிடம் இல்லாமை, தேவை, வன்முறை இவை ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நாட்டில் பிடித்து வைத்திருக்கலாம், அப்போது அவர் அங்கே வசிப்பது சம்மதம் ஆகாது என்று சொல்கிறது அந்தக் குறிப்பு.

ஹியூமின் ஏழை விவசாயிக்கு ரூசோவின் பதில் இந்த அடிக்குறிப்பில் இருக்கிறது. லாக்கால் தாண்ட முடியாத சோதனையை இவர் தாண்டுகிறார், ஆனால் பெரிய விலை கொடுத்து. சுதந்திரமான அரசில்தான் வசிப்பது சம்மதம் என்றால், சுதந்திரமில்லாத அரசுகளில் வாழ்பவர்களுக்குக் கடமையே இல்லை என்றாகிறது. ரூசோ அதற்குத் தயங்கவில்லை. அரசாங்கம் இறைமையைப் பறித்துக்கொண்டால் ஒப்பந்தம் முறிகிறது, மக்கள் கீழ்ப்படியக் கட்டாயப்படுத்தப்படலாம், ஆனால் கடமைப்பட்டவர்கள் அல்ல என்று மூன்றாம் புத்தகம் 10-இல் சொல்கிறார். கட்டாயம் வேறு கடமை வேறு என்ற நம் தொடக்கம் இங்கே திரும்பி வருகிறது. கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

7. தீர்ப்பு எழுதுங்கள், சமரசம் வேண்டாம்

"மூவரும் தத்தம் காலச்சூழலில் சரியே" என்று முடித்தால் ஒப்பீடு வீணாகிவிடும். என் தீர்ப்பு இது: பலவந்தமான சம்மதம் செல்லாது என்ற லாக்கின் கொள்கை சரியானது, ஆனால் அவருடைய மறைமுகச் சம்மதம் அந்தக் கொள்கைக்கே தாங்கவில்லை. ஹாப்ஸிடம் முரண்பாடு இல்லை, ஆனால் அதற்காகத் திருடனுக்குப் பணம் கொடுப்பதையும் கடமை என்று ஒப்புக்கொள்கிறார். ரூசோ இரண்டிலிருந்தும் தப்பிக்கிறார், ஆனால் அவருக்குப் பின் கடமை என்பது மிகச் சில அரசுகளுக்கே மிஞ்சுகிறது. நான் ரூசோவின் பக்கம் நின்றேன். பெரும்பாலான மக்கள் பெரும்பாலான அரசுகளுக்குக் கடமைப்படவில்லை என்பது அபத்தமான முடிவு என்று பலர் சொல்வார்கள், எனக்கு அது அபத்தமாகத் தோன்றவில்லை. நீங்கள் ஹாப்ஸின் பக்கம் நின்றாலும் மதிப்பெண் குறையாது. திருடனுக்குக் கொடுத்த வாக்கை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று மட்டும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

8. எழுதும்போது

2000 சொற்களை நான் இப்படிப் பிரித்தேன்: தொடக்கம் 200, மூன்று திருடர்கள் 700, லாக்கும் ஹியூமும் 500, ரூசோ 350, தீர்ப்பு 250. வாழ்க்கை வரலாற்றுக்கும் இங்கிலாந்து உள்நாட்டுப் போருக்கும் ஒரு சொல்கூட ஒதுக்கவில்லை. முதல் தாளில் அவற்றுக்கே 300 சொல் போயிருந்தது.

பத்தியை எப்படித் தொடங்குவது என்பதற்கு ஒரு மாதிரி. என் பழைய தாளில்: "லாக் 1632-இல் பிறந்தார். அவர் இயற்கை உரிமைகளை வலியுறுத்தினார்." புதிய தாளில்: "ஹாப்ஸுக்குப் பயம் உடன்படிக்கையைக் கெடுக்காததற்குக் காரணம், இயற்கை நிலையில் திருடன் யாருக்கும் அநீதி செய்வதில்லை என்பது. லாக் இந்த முன்கருத்தையே மறுக்கிறார்." இரண்டாவதில் முதல் வாக்கியத்திலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பத்தியையும் இப்படிச் சோதியுங்கள். ஒரு பத்தியில் ஒரே ஒரு பெயர்தான் வருகிறது என்றால் அது பெரும்பாலும் சுருக்கமாகத்தான் இருக்கும்.

9. கொடுப்பதற்கு முன்

மூன்று நாள் திருத்தத்தில் முதல் நாள் மேற்கோள் எண்களை மட்டும் சரிபாருங்கள். 176-ஐ 167 என்று எழுதிவிடுவது மிக எளிது, திருத்துபவர் அந்த இடத்தைத் திறந்து பார்ப்பார். இரண்டாம் நாள், 'கட்டாயம்', 'கடமை' என்ற இரண்டு சொற்களும் வரும் இடங்களையெல்லாம் தேடி, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். என் தாளில் ஏழு இடத்தில் மாறியிருந்தது. மூன்றாம் நாள், இந்தப் பாடம் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் என் அக்காவிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "அப்போ திருடனுக்குப் பணத்தைக் கொடுக்கணும்னு சொல்ற அந்த ஆளு, பயத்துல செஞ்சாலும் செஞ்சது செஞ்சதுதான்னு சொல்றாரு, அப்படித்தானே?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் ஹாப்ஸ் பகுதியில் கை வைக்கவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன்.